‘உங்க இஷ்டம்’ என்று சொல்கிற பிள்ளையோடு ஏற்காடு

இரண்டு வருடம் முன்னால் அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தபோது எல்லோரும் ஏற்காடு போனோம். பகோடா பாயின்ட்டில் கார் நின்றது. அக்கா, மாமா, அம்மா, நான், எல்லோரும் இறங்கினோம். அக்காவின் பிள்ளைகளில் மூத்தவள் இறங்கவில்லை. காதில் இயர்போன், கையில் போன், பார்வை எங்கேயோ. “வாடி, எவ்வளவு அழகா இருக்கு பாரு” என்று அக்கா கண்ணாடியைத் தட்டினாள். “நீங்க போய்ட்டு வாங்கம்மா” என்று பதில் வந்தது. சின்னவன் இறங்கினான், இறங்கி, கார் டயரில் சாய்ந்து நின்றுகொண்டான். மூன்று நாளும் இதேதான். எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று எது கேட்டாலும் இருவரும் சொன்னது ஒரே வார்த்தை: “உங்க இஷ்டம்.”

மாமாவுக்குக் கோபம். இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தால் இப்படியா என்றார். ஆனால் அந்தப் பயணத்தை யோசித்துப் பார்த்தால், பிள்ளைகள் சொன்னது முழு உண்மை. எல்லாமே எங்கள் இஷ்டம்தான். தேதி, விடுதி, காலை 5.30 மணிக்கு எழுவது, எந்த இடத்தில் எத்தனை நிமிடம், எந்த ஓட்டலில் எந்த மேசை, அத்தனையும் மாமா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அவர்களுக்கு மிச்சம் இருந்தது காரில் உட்காருவது மட்டும். அதையும் அவர்கள் ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

போன வருடம் காலாண்டு விடுமுறைக்கு அதே ஆறு பேர், அதே மலை. இந்த முறை வேறு மாதிரி செய்தோம். சேலத்துக்காரி என்பதால் வருகிற உறவுக்கெல்லாம் வழிகாட்டி வேலை எனக்குத்தான். அதனால் திட்டத்தில் மூக்கை நுழைக்க உரிமை இருந்தது. 15 வயதுப் பெண், 13 வயதுப் பையன் என்று கணக்கு வைத்துக்கொண்டு படியுங்கள். பத்து வயதுக்குக் கீழே இது சரிப்படாது.

முதலில் மாறாதவற்றைச் சொல்லிவிடுங்கள்

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு இருபது நிமிடம் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். நாங்கள் வீடியோ காலில் பேசினோம். மூன்று வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. விடுதி பதிவு செய்து, ரயில் டிக்கெட் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு “உனக்கு எங்கே போகணும்?” என்று கேட்டால், அது கேள்வி இல்லை, உபசாரம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அங்கேதான் முதல் ‘உங்க இஷ்டம்’ பிறக்கிறது.

அந்த இருபது நிமிடத்தில் ஆரம்பத்திலேயே எது பேச்சுக்கு இடமில்லாதது என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பட்டியலில் நான்கு இருந்தன. புதன் இரவு ரயில் ஏறி ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவது. மொத்தச் செலவு. பிள்ளைகளின் அம்மாயிக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, முழங்கால் வலி, இருபது படிக்கு மேல் இறங்க முடியாது. மாலை ஆறரைக்குள் எல்லோரும் அறையில் இருக்க வேண்டும், ஏனென்றால் மலை மேல் மெயின் பஜாரைத் தாண்டிவிட்டால் சாலையில் வெளிச்சம் குறைவு. அவ்வளவுதான். மாமா ஐந்தாவதாக “போன் பார்க்கக் கூடாது” என்று சேர்க்கப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முன்கூட்டியே வேலி போட்டுவிட்டால் வேலிக்குள் இருப்பது நிஜமாகவே அவர்களுடையதாகிறது. பாதியில் புதிதாக ஒரு வேலி முளைத்தால், மற்ற எல்லாமும் பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

“எங்கே போகணும்?” என்று கேட்காதீர்கள்

ஏற்காட்டை முன்பின் தெரியாத பிள்ளையிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்லும்? இணையத்தில் தேடினால் ‘பார்க்க வேண்டிய 15 இடங்கள்’ என்று வரும். அதைப் பார்த்ததுமே அலுத்துவிடும். இரண்டு அல்லது மூன்று தெரிவுகளை, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் சொன்ன விதம் இது. “முதல் நாள் மதியம் ஏரியில படகா, கிளியூர் அருவியா? ரெண்டும் ஒரே மதியத்துல முடியாது. படகுன்னா அம்மாயியும் வரலாம், பக்கத்துலயே மிளகாய் பஜ்ஜி, ஆனா லீவு நாள்ல வரிசை நிக்கணும். அருவின்னா கீழே இறங்கி மறுபடி ஏறணும், அம்மாயி வர முடியாது, ஆனா இப்ப மழைக்காலம், தண்ணி இருக்கும். மே மாசம் வந்திருந்தா வெறும் பாறையைத்தான் பாத்திருப்பீங்க.”

கேள்வியில் சரக்கு இருந்தால் பதிலும் வரும். சின்னவன் உடனே கேட்டான்: “அருவிக்கு எங்கிருந்து சித்தி தண்ணி வருது?” ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் விழுகிறது என்றேன். “அப்ப ஏரி நிறைஞ்சிருக்கான்னு பாத்துட்டு மறுநாள் முடிவு பண்ணலாமே.” எனக்கே தோன்றாத யோசனை. முதல் நாள் படகு, ஏரி நிறைந்திருந்தால் கடைசி நாள் அருவி என்று அவனே தீர்த்துவிட்டான்.

இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்றைத் தெரிவாக வைக்காதீர்கள். பிள்ளை அதையே எடுத்துவிட்டால் பிறகு காரணம் தேட வேண்டியிருக்கும். ‘அது சரி, ஆனா…’ என்று ஒரு முறை சொன்னால் போதும், மொத்தக் கூட்டமும் நாடகம் என்று ஆகிவிடும்.

ஆளுக்கு ஒரு பொறுப்பு

இதுதான் முக்கியம், இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். “நீ போட்டோ எடு”, “நீ பையைப் பிடி” என்பதெல்லாம் பொறுப்பு இல்லை, வேலை. பொறுப்பு என்றால் அதில் அவர்கள் எடுக்கும் முடிவு மற்றவர்களையும் பாதிக்க வேண்டும். தவறாகப் போக இடம் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று போதும். மூன்று கொடுத்தால் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

சின்னவனிடம் வழிச்செலவைக் கொடுத்தோம். ஒரு உறையில் 2,400 ரூபாய் ரொக்கம், மலை மேல் மூன்று நாளுக்கு. டீ, நொறுக்குத் தீனி, நுழைவுச் சீட்டு, படகு, வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் இதிலிருந்து. விடுதி, பெட்ரோல், மூன்று வேளைச் சாப்பாடு பெரியவர்கள் பாடு. யுபிஐ இருக்கும் காலத்தில் ரொக்கம் எதற்கு என்று அக்கா கேட்டாள். உறை மெலிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். போனில் எண் குறைவது பதின்மூன்று வயதுக்கு உறைக்காது. தவிர, மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது.

இந்தப் பொறுப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் வேறொரு உறவுக்காரப் பையனிடம் விழுந்து எழுந்தது. “மிச்சம் ஆனா உனக்கே” என்று சொல்லிவிட்டேன். அவன் ஒரு கஞ்சனாக மாறி, “டீ எதுக்கு, ரூம்ல போய்க் குடிக்கலாம்” என்று எல்லோரையும் காய வைத்தான். மிச்சம் அவனுக்கு என்றால் நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு டீயும் அவன் பாக்கெட்டிலிருந்து போகிறது. அதனால் இந்த முறை, மிச்சம் இருந்தால் கடைசி நாள் எல்லோருக்கும் சேர்த்து ஏதாவது, என்ன என்பதை நீ முடிவு செய் என்று சொன்னோம்.

மூத்தவளுக்கு இரண்டாம் நாள் காலையிலிருந்து மதியம் 2 மணி வரை. அந்த நேரம் முழுக்க அவளுடையது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே, எந்த வரிசையில், எங்கே சாப்பாடு, எல்லாம் அவள் சொல்வதுதான். நாங்கள் பயணிகள்.

விடுதியை அவளிடமே விட்டுவிடலாமே என்று மாமா உற்சாகமானார். அது சரியில்லை. திருப்பி வாங்க முடியாத பெரிய தொகையை முதல் முறையே ஒரு பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. மூன்று விடுதிகளை நாங்கள் பொறுக்கிக் கொடுத்து, நேரடியாகப் போன் செய்து நான்கு விஷயம் கேட்கச் சொன்னோம்: தரைத்தளத்தில் அறை உண்டா, மேற்கத்தியக் கழிவறையா, சுடுதண்ணீர் எந்த நேரம் வரும், ராத்திரி சாப்பாடு எத்தனை மணி வரை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசுவது என்றால் உயிர் போகும். முதல் போனை அக்கா பக்கத்தில் இருந்துகொண்டு பேச வைத்தாள். மூன்றாவது போனில் அவளே, “ஹாட் வாட்டர் காலையில ஆறு டு எட்டு மட்டும்னா நாங்க ஒன்பது மணிக்குத்தான் குளிப்போம், கீசர் இருக்கா?” என்று மடக்கிக் கேட்டாள்.

எந்தத் தவறை விட்டுவிடலாம், எதில் கை வைக்க வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: ஒரு மணி நேரமோ ஐந்நூறு ரூபாயோ போகும் என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஆபத்து என்றால் உடனே தலையிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். நடுவில் இருப்பதைக் கேள்வியாகக் கேளுங்கள்.

அவள் போட்ட திட்டம், அதை நான் பார்த்த விதம்

மூத்தவள் ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். காலை 9.30க்குக் கிளம்புவது. ஏரியிலிருந்து தொடங்கி லூப் ரோடு. ஏற்காட்டைச் சுற்றி வளைத்துக் காபித் தோட்டங்கள் வழியாகப் போகும் சாலை அது, சுமார் 30 கிலோமீட்டர். அதில் ஆறு நிறுத்தங்கள். மேப்பில் பார்த்து மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டம் என்று போட்டிருந்தாள்.

ஆறு நிறுத்தம் நடக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இரண்டே கேள்வி கேட்டேன். “அம்மாயி கார்ல இருந்து இறங்கி, செருப்பு மாட்டி, திரும்ப ஏற எவ்வளவு நேரம் ஆகும்?” “மேப் சொல்ற நேரம் சமவெளி நேரமா, மலை நேரமா?” அவள் கணக்குப் போட்டாள். ஆறு பேர் ஏறி இறங்க ஒரு நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம், மலைச் சாலைக்கு மேப் சொல்வதில் பாதி கூடுதல். ஆறு நான்கானது. பகோடா பாயின்ட்டை அடித்துவிட்டாள். “அது ஏற்கெனவே பார்த்தாச்சு” என்றாள். (காருக்குள்ளிருந்து பார்த்தாள் போல.)

மூன்றாவதாக ஒன்றும் கேட்டேன், ஏற்காட்டுக்கு இது அவசியம்: “மூடுபனி இறங்கிட்டா?” காட்சிமுனைகளை மட்டும் நம்பித் திட்டம் போட்டால், பனி மூடிய நாளில் ஆறு பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சில நாள் பத்து மணிக்கு விலகிவிடும், சில நாள் மதியம் வரை அசையாது. அதனால் ஒவ்வொரு காட்சிமுனைக்கும் பக்கத்தில் பனி வந்தாலும் கெடாத ஒரு இடத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் சேர்வராயன் கோயிலைச் சேர்த்தாள், தாவரவியல் தோட்டத்தைச் சேர்த்தாள். கோயில் மலை உச்சியில் இருந்தாலும் சாமி குகைக்குள் இருக்கிறார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்று ஊரில் சொல்வார்கள். பதினைந்து வயதுக்கு அந்தக் கதை பிடித்துப்போனது.

ஒன்பதரைக்குக் கிளம்புவதைப் பற்றி மாமா முணுமுணுத்தார். அதில் நான் பிள்ளைகள் பக்கம். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே இரவில் தாமதமாகிறது. பதினொரு மணிக்கு முன்னால் தூக்கம் வராது, உடம்புக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். காலை 5.30க்கு எழுப்பிச் சூரிய உதயம் காட்டினால் அன்றைக்கு முழுதும் முகம் தொங்கத்தான் செய்யும். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். சூரிய உதயம் பார்க்க ஆசை உள்ள பெரியவர்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மாமாவும் அக்காவும் அப்படித்தான் போனார்கள். கல்யாணமான புதிதில் போனது போல இருந்தது என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

மலை ஏறும்போது

இரவு ரயிலில் வந்தால் விடியும் முன்பே சேலத்தில் இறங்க வேண்டியிருக்கும். நேராக மலை ஏறிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பத்து மணி வரை தூங்கினார்கள். சேலத்தில் உறவு இல்லாதவர்கள் ஜங்ஷன் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம், அந்தச் செலவு வீண் இல்லை. மறுநாள் காலை, வெள்ளிக்கிழமை, இரண்டு இட்லியோடு கிளம்பினோம். வாரக்கடைசியில் மலைப்பாதையில் வண்டிகள் குவியும். வெள்ளி காலையே ஏறிவிடுவது நல்லது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். போனைப் பார்த்துக்கொண்டு வளைவில் திரும்பினால் வாந்தி நிச்சயம். காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததுதான் காரணம். “போனை வை” என்று அதட்டுவதற்குப் பதிலாகச் சின்னவனை முன் சீட்டில் உட்கார வைத்து ஒரு வேலை கொடுத்தோம். வளைவு எண்ணைச் சொல்ல வேண்டும், எதிரே வண்டி இறங்குகிறதா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று மாமா சொல்லிக் கொடுத்ததும் அவன் ஒரு போக்குவரத்துக் காவலராகவே ஆகிவிட்டான். கண் சாலையில் இருந்ததால் வயிறும் ஒழுங்காக இருந்தது. போன தடவை ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்திய பையன் இவன்.

போன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுத் தடை போட்டால் மூன்று நாளும் அதைக் காவல் காப்பதே உங்கள் வேலையாகிவிடும். நாங்கள் போட்டது இரண்டே இடம்: சாப்பாட்டு மேசை, மலைப்பாதை. இந்த விதி பெரியவர்களுக்கும் உண்டு. மாமா முதல் மதியமே சாப்பிடும்போது ஆபீஸ் போனை எடுத்து மாட்டிக்கொண்டார். மூத்தவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மாமா போனை உள்ளே வைத்தார். அப்புறம், அவர்கள் படத்தைக் குடும்பக் குழுவில் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் போட்டால் அடுத்த படத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

தவறு நடக்கும்போது

முதல் நாள் ஏரியில் சின்னவன் உறையைத் திறந்தான். படகு, மிளகாய் பஜ்ஜி, மக்காச்சோளம், மறுபடி பஜ்ஜி, தொப்பி ஒன்று. மாலையில் எண்ணினால் 1,150 ரூபாய் போயிருந்தது. மிச்சம் 1,250, இன்னும் இரண்டு நாள். அக்கா கைப்பையைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அங்கே நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்திருந்தால் உறை வெறும் உறைதான். அன்றிரவு அவன் தானாகவே ஒரு தாளில் இரண்டு நாள் கணக்கை எழுதினான். மறுநாள் விடுதியிலேயே பிளாஸ்க்கில் டீ நிரப்பி வாங்கினான், வீட்டிலிருந்து கொண்டுவந்த கடலை உருண்டையைப் பங்கு போட்டான். செலவு 610 ரூபாய்.

கடலை உருண்டை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காட்சிமுனையில் நிற்காதீர்கள். குரங்குகள் உங்களைவிட வேகம்.

மூத்தவளின் நாள் அப்படி இனிதாகத் தொடங்கவில்லை. ஒன்பதரைக்குச் சரியாகக் கிளம்பினோம், பனி. முதல் காட்சிமுனையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. “நான் அப்பவே…” என்று மாமா வாயெடுத்தார். இந்த வாக்கியத்தை முடித்துவிட்டால் மொத்தத் திட்டமும் அங்கேயே புதைந்துவிடும், நல்லவேளை அக்கா முறைத்தாள். மூத்தவள் தாளைப் பார்த்து, “அப்ப கோயிலுக்கு முதல்ல போயிடலாம். திரும்பி வரும்போது விலகியிருக்கும்” என்றாள். குகைக்குள் பனி என்ன செய்யும்? தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது சிவப்பு மண் மேட்டில் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. வழியில் ஒரு தோட்டத்து ஓரம் நிறுத்தி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருப்பதையும் அதன் நிழலில் காபிச் செடி பச்சைக் காயோடு நிற்பதையும் அம்மாயிக்கு அவள்தான் காட்டினாள். முந்தின வாரம் படித்து வைத்திருக்கிறாள். காய் சிவந்து பறிப்பது நவம்பருக்கு மேலேதானாம்.

சாப்பாட்டில் சறுக்கினாள். தோட்டத்துக்குள் ஒரு அழகான உணவகத்தைப் படத்தில் பார்த்துக் குறித்திருந்தாள். போன் செய்யவில்லை. போனால், முன்பே சொல்லியிருந்தால்தான் சமைப்பார்களாம். பஜாருக்குத் திரும்பி வந்து சாப்பிட மூன்று மணியாகிவிட்டது. இடையில் வாழைப்பழமும் கடலை உருண்டையும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை; அம்மாயி மட்டும் “பசியில தின்னாத்தான் பழம் இனிக்கும்” என்றார். மறுநாள் மதியத்துக்கு, யாரும் சொல்லாமலே, காலை பத்து மணிக்கு அவள் ஓட்டலுக்குப் போன் செய்து ஆறு பேர் என்று சொல்லி வைத்தாள். ‘போன் பண்ணிக் கேட்டுக்கோ’ என்று நான் பத்து தடவை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

பிரிந்து போகவும் விடுங்கள்

குடும்பம் என்றால் மூன்று நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று சட்டம் இல்லை. ஏரி நிறைந்திருந்ததால் கடைசி நாள் காலை கிளியூர். மாமாவும் சின்னவனும் இறங்கினார்கள், நாங்கள் அம்மாயியோடு அண்ணா பூங்காவில் இருந்தோம். அருவிப் பக்கம் பாறை வழுக்கும், பெரியவர் இல்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இது பேச்சுக்கு இடமில்லாதது.

ஆனால் ஏரிக்கரையும் பஜாரும் வேறு. மூத்தவள் தம்பியோடு ஒரு மணி நேரம் தனியாகச் சுற்ற வேண்டும் என்று கேட்டாள். எல்லை: ஏரி, அண்ணா பூங்கா, பஜார். தண்ணீரில் இறங்கக் கூடாது. அரை மணியில் ஒரு போன். சந்திப்பது படகுத் துறை வாசல். ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்கள். நாங்கள்தான் தாமதம்.

அப்படியும் ‘உங்க இஷ்டம்’ வந்தால்

பதற வேண்டாம், காரணத்தைப் பாருங்கள். கேள்வி அகலமாக இருந்திருக்கலாம், “மதியம் என்ன பண்ணலாம்?” என்பதை “லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு இப்ப போகலாமா, இருட்டினதும் சேலம் விளக்கு தெரியும்போது போகலாமா?” என்று குறுக்குங்கள். (எங்கள் ஆறரை மணி விதி இதில் இடித்தது. இந்த ஒரு இரவுக்கு மட்டும், மாமா கூடவே வருவதாக ஒப்புக்கொண்டு, எல்லோரும் பேசித் தளர்த்தினோம். கேட்டு மாற்றலாம், கேட்காமல் மாற்றக் கூடாது.) முந்தின முடிவை நீங்கள் நடுவில் பிடுங்கியிருக்கலாம், அப்படியென்றால் நேரடியாக ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் பிள்ளைக்குக் களைப்பு. ஒரு மணி நேரம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க விடுங்கள்.

சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம் முகத்தில் சிரிப்பு இல்லை, அதை எதிர்பார்க்காதீர்கள். “நாளைக்கு எத்தனை மணிக்கு?” என்று தானாகக் கேட்டால் போதும். உங்களோடு சண்டை போட்டால் இன்னும் நல்லது. தனக்குச் சொந்தமானதற்குத்தான் பிள்ளை சண்டை போடும்.

பதினேழு வயது என்றால் அரை நாள் போதாது, ஒரு முழு நாளைக் கொடுங்கள். ஒரு நண்பனைக் கூட்டிவர முடிந்தால் இன்னும் சுலபம். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு நிறுத்தமும் போதும்.

கடைசி நாள் செலவு 500. மலையிலிருந்து இறங்கிச் சேலம் வந்தபோது உறையில் 140 ரூபாய் இருந்தது. ரயிலுக்கு நேரம் இருந்ததால், சின்னவன் எங்களைத் தட்டுவடை செட் வண்டிக்குக் கூட்டிப் போனான். இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தருவது, சேலத்துக்கு வந்து அதைத் தின்னாமல் போனால் நான் சும்மா விடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். 140 ரூபாய்க்கு எத்தனை செட் வரும் என்று வண்டிக்காரரிடம் கேட்டான். ஆறு பேருக்கும் முழுசாக வராது. “அப்ப நாலு செட்டுண்ணா. அம்மாயிக்கு ஒண்ணைக் காரம் கம்மியா நொறுக்கிக் குடுங்க, பல்லு இல்ல” என்றான். மீதி மூன்றை நாங்கள் ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.